ஒரே ஆள் நடத்தும் பக்கத்துக்கு ஒரு மாத அட்டவணை

மதுரையில் ஒரு சிறிய சுங்குடிச் சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, விற்பனைக்கு இரண்டு பேர், பில் போட ஒரு பெண். கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களும் வாட்ஸப்பும் அந்தப் பெண்ணின் கையில்தான். "இன்னைக்கு ஏதாவது போட்டியாம்மா?" என்று முதலாளி கேட்ட பிறகுதான் எதைப் போடுவது என்ற யோசனையே தொடங்கும். மேசைமேல் கிடக்கும் சேலையை டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுவார். கடையில் கூட்டம் வந்துவிட்டால் அதுவும் நடக்காது. பதிவு அட்டவணை இந்த நிலைமைக்குத்தான் மருந்து. ஆனால் அதைத் தப்பான இடத்தில் தொடங்குபவர்களே அதிகம்.

பெரும்பாலானோர் முப்பது கட்டம் போட்டு, முப்பதையும் நிரப்பப் பார்க்கிறார்கள். முதலில் எண்ண வேண்டியது அந்தப் பெண்ணின் நேரத்தை. ஒரு ரீல் எடுத்து, வெட்டி, எழுத்துப் போட்டு முடிக்க சுமார் 2 மணி நேரம் ஆகும். புகைப்படப் பதிவுக்கு அரை மணி நேரம். வாட்ஸப்பிலும் கமெண்டிலும் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல தினமும் அரை மணி நேரம். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விலை கேட்டவருக்குப் பதில் போகவில்லை என்றால், அன்று பதிவு போட்டதற்கே அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒரு ரீல், இரண்டு படம், ஆறு நாள் பதில் என்றால் மொத்தம் 6 மணி நேரம். பில் போட்டுக்கொண்டே பார்க்கிறவருக்கு அதுவே நிறைவான வேலை. ஆகவே வியாழன் ரீல், செவ்வாயும் சனியும் படம் என்று நாள்களைக் கட்டிவிடலாம். மாதத்துக்கு 12, 13 பதிவுகள் வரும். போதும்.

இனி தேதிகள். 2025 ஆகஸ்ட் மாதத்தை வைத்துப் பார்ப்போம். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, 8 வரலட்சுமி விரதம், 17 ஆவணிப் பிறப்பு. பண்டிகையன்று பண்டிகைப் பதிவு போடுவதுதான் வழக்கம். ஆனால் விரதத்துக்குச் சேலை வாங்குகிறவர் அன்று கடைக்கு வருவதில்லை. வெளியூர்க்காரருக்குக் கூரியரில் போய்ச் சேர நான்கைந்து நாள் வேண்டும். பிளவுஸ் தைக்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு வாரம். அதனால் 8ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜூலை 24 வியாழன் விரதச் சேலைகளின் ரீல், 29 செவ்வாய் விலையோடு படங்கள், ஆகஸ்ட் 2 சனிக்கிழமை "வெளியூர் ஆர்டருக்கு இன்றே கடைசி" என்ற பதிவு. ஆகஸ்ட் மாத அட்டவணை ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆவணிக்கும் அதே கணக்குதான். ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் அந்த மாதத்தில் முகூர்த்தப் பதிவு எதற்கு என்று தோன்றும். உண்மையில் ஆவணிக் கல்யாணத்துக்கு உறவினருக்கு வைத்துக் கொடுக்க இருபது, இருபத்தைந்து சேலை வேண்டும் என்று வீடுகளில் கணக்குப் போடுவது ஆடியில்தான். எனவே 5, 7, 12 தேதிகளின் பதிவுகள் அவர்களுக்கு. செப்டம்பர் 22இல் நவராத்திரி தொடங்குவதால், கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சேலைகளின் ரீல் ஆகஸ்ட் 21லேயே வந்துவிட வேண்டும். சுங்குடி கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலை. ஒரே நிறத்தில் முப்பது வேண்டுமென்றால், செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நட்சத்திரம் போலத் தூவிய வாழ்த்து அட்டைகளால் பக்கத்தை நிரப்புவதை நான் ஏற்கமாட்டேன். சுதந்திர தின வாழ்த்தை ஸ்டோரியில் வைத்தால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பக்கத்தில் சேலைதான் நிற்க வேண்டும்.

மீதி நாள்களுக்கு விஷயம் எங்கே கிடைக்கும்? வாட்ஸப்பில். போன மாத அரட்டையைப் புரட்டினால் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப இருக்கும். "சாயம் போகுமா?" "பிளவுஸ் பிட் உண்டா?" "நிஜச் சுங்குடியா, பிரிண்டா?" ஒவ்வொன்றும் ஒரு சனிக்கிழமைப் பதிவு. சாயக் கேள்விக்கு, முதல் அலசலில் தண்ணீர் எவ்வளவு நிறம் மாறுகிறது என்பதை ஒளிக்காமல் வாளியோடு படமெடுத்து, "முதல் இரண்டு மூன்று தடவை தனியாக அலசுங்கள்" என்று எழுதலாம். பிரிண்டா என்ற கேள்விக்கு, முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி சுருங்கி நிற்பதையும், புள்ளிகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இல்லாததையும் கிட்டத்தில் காட்டினால் போதும்.

இதையெல்லாம் அன்றன்றைக்குப் படமெடுக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடை திறந்ததும் கூட்டம் வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை முதலாளி ஒதுக்கித் தர வேண்டும். எட்டுச் சேலை போதும். வாசலுக்கு உள்பக்கம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒவ்வொன்றுக்கும் முழு நீளம் ஒன்று, முந்தானை ஒன்று, புள்ளிகள் கிட்டத்தில் ஒன்று, கூடவே நெட்டுவாக்கில் ஒரு சின்ன வீடியோ. டியூப்லைட்டில் எடுத்தால் அரக்கு வேறு நிறமாகத் தெரியும், பிறகு "படத்தில் பார்த்த கலர் இல்லை" என்று சேலை திரும்பி வரும். படம் எடுத்த சேலைகளுக்கு எண் எழுதிய சீட்டுக் குத்தித் தனி அலமாரியில் வைக்க வேண்டும்.

அட்டவணைக்குக் கூகுள் ஷீட் போதும். தேதி, என்ன பதிவு, சேலை எண், படம் தயாரா, வாசகம், போட்டாயிற்றா, எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஏழு கட்டம். முதலாளி 25ஆம் தேதி ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் பார்த்துச் சரி சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேட்க வைத்தால் அட்டவணை முதல் வாரத்திலேயே படுத்துவிடும். சரி சொன்ன பதிவுகளை மெட்டா பிசினஸ் சூட்டில் தேதி, நேரம் குறித்து ஏற்றிவைக்கலாம். கட்டணம் கிடையாது. ரீலுக்குப் பாட்டு சேர்க்கும்போது கவனம் தேவை. வணிகக் கணக்குக்குப் பல சினிமாப் பாடல்கள் கிடைக்காது. தறிச் சத்தமோ, சேலையைப் பற்றிப் பேசும் அந்தப் பெண்ணின் குரலோ அதைவிட நன்றாகவே இருக்கும்.

தானாகப் பதிவாவதில் இரண்டு ஆபத்து உண்டு. காலையில் விற்றுப்போன சேலை மாலையில் பக்கத்தில் வந்து நிற்கும். சுங்குடியில் அதே சேலை இன்னொன்று இருக்காது. எனவே பதிவு நாளன்று கடை திறந்ததும் அந்த எண் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, ஊரில் வெள்ளமோ பெரிய துக்கமோ நடந்த நாளில் தள்ளுபடிப் பதிவு வெளியே போவது. செய்தி கேட்டவுடன் ஏற்றிவைத்ததை நிறுத்திவைக்க முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயரிலும் பக்கத்தின் நிர்வாக உரிமை இருந்தால்தான் அது முடியும். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் போடுவதற்குத் தேதியில்லாத மூன்று பதிவுகள் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கேள்வி-பதில் பதிவுகள் இதற்குப் பொருத்தம்.

"போட்டாயிற்றா" கட்டத்தில் தொடர்ந்து மூன்று "இல்லை" விழுந்தால் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ள வேண்டாம். வாரத்துக்கு மூன்று என்பதை இரண்டாக்குங்கள். மாதக் கடைசியில் பார்க்க வேண்டியது லைக்கை அல்ல, கடைசிக் கட்டத்தை. விலை கேட்டு வருகிறவரிடம் "எந்தப் பதிவைப் பார்த்தீங்க?" என்று கேட்டுக் குறித்திருந்தால், வாளிப் படத்துக்கு வந்த கேள்விகளையும் விரத ரீலுக்கு வந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதிகம் கேட்கவைத்த இரண்டு வகை செப்டம்பரிலும் தொடரும். யாருமே கேட்காத வகைக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் அசையவில்லை என்றால் அந்த நாளைக் கொலு ஆர்டருக்குக் கொடுத்துவிடலாம்.