எம்.டி. பேசுகிற மாதிரி ஒரு பதிவு

லிங்க்ட்இன்னில் நிறுவனத் தலைவர்கள் பெயரில் வரும் பதிவுகளில் பலவற்றை எழுதுவது வேறொருவர். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பதிவில் செய்திக்குறிப்பு வாடை அடித்தால், அவரோடு வேலை பார்த்தவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள். அந்த வாடையைப் போக்குவதுதான் எடிட்டரின் வேலை.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் எம்.டி.யை எடுத்துக்கொள்வோம். அவருக்காக வந்த வரைவு இப்படித் தொடங்குகிறது: “தரத்தில் சமரசமற்ற எங்கள் பயணத்தில் புதிய மைல்கல்லை எட்டியுள்ளோம் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” இதில் சொற்களை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் உள்ளே விஷயமே இல்லை. எடிட்டர் அவரிடம் போனில் ஒரே கேள்வி கேட்கிறார்: “சார், எந்த இடத்துல பிரச்சினை வந்துச்சு?”

“சீல் கசிஞ்சு ஒரு லாட் முழுசா திரும்பி வந்துடுச்சு. நான் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்டோர்ல இருக்கிற அம்மா சொன்னாங்க, ரப்பர் வளையம் வச்ச ரேக் மேல சாயங்காலம் வெயில் விழுதுன்னு. ரேக்கை மாத்தினோம், அவ்வளவுதான்.”

பதிவு இங்கேதான் இருக்கிறது. வெயில் பட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும் என்பது அவர் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணெதிரே நடந்தும் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் செய்தி. லிங்க்ட்இன் முதல் சில வரிகளை மட்டுமே காட்டி மீதியை மறைத்துவிடும். அதனால் திருத்திய பதிவு இப்படித் தொடங்குகிறது: “ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன். காரணம் சாயங்கால வெயில்.” சந்தேகப்பட்டது அவர், அதனால் ‘நான்’. ரேக்கை மாற்றியது எல்லோரும், அங்கே மட்டும் ‘நாங்கள்’. வரைவு எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று எழுதியதால்தான் யாருமே பேசாத மாதிரி இருந்தது.

அடுத்து, அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். தடுக்கும் இடத்தில் அவராகவே வேறு சொல் போட்டுப் படிப்பார். அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் சொல்லாத உணர்ச்சியைச் சேர்க்கக் கூடாது. “அன்றிரவு தூங்கவில்லை” என்று எழுதிவிட்டால், அவர் தூங்கியது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்டோர் அம்மாவின் பெயரைப் போடுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

பிறகு பதிவு சட்டப் பிரிவுக்குப் போகும். செய்திக்குறிப்பு நடை திரும்ப நுழைவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் கேட்க வேண்டும். கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், பங்கு விலையை அசைக்கக்கூடிய வெளிவராத தகவல் முதலில் பங்குச்சந்தைக்குத்தான் போக வேண்டும். பெரிய ஆர்டர் பற்றிய வரியை நீக்கச் சொன்னால் பேசாமல் நீக்கிவிடலாம். ‘கசிந்தது’ என்பதைத் ‘தரச் சவால் எழுந்தது’ ஆக்கச் சொன்னால் அது வெறும் ரசனை. அதற்கு எடிட்டர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, எம்.டி.யையே கேட்கலாம். அவர் வாயில் வந்த சொல் ‘கசிஞ்சு’தான்.