பிளெக்ஸ் அடிக்கும் முன் கேட்க வேண்டியது

குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நற்செய்தி வந்துவிட்டது. நம் தெருப் பெண் இயற்பியல் ஒலிம்பியாடில் வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறாள். செயலாளர் உடனே பிளெக்ஸ் கடைக்கு போன் போட்டு, 'உலகிலேயே இரண்டாம் இடம்' என்று வாசகமும் சொல்லிவிடுகிறார். இதில் வாழ்த்து சரி, வாசகம்தான் தப்பு.

சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடில் வெள்ளி வாங்கினால் இரண்டாம் இடம் என்று பொருளில்லை. மதிப்பெண் வரிசையில் மேலே இருக்கும் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குத் தங்கம் கிடைக்கும். அடுத்த 17 சதவீதத்துக்கு வெள்ளி, அதற்கடுத்த 25 சதவீதத்துக்கு வெண்கலம். 400 பேர் எழுதினால் சுமார் 32 பேருக்குத் தங்கமும் 68 பேருக்கு வெள்ளியும் போகும். வெள்ளி வாங்கிய பிள்ளை 33-ஆம் இடத்திலும் இருக்கலாம், 100-ஆம் இடத்திலும் இருக்கலாம்.

அப்படியானால் இது சின்ன விஷயமா என்றால், இல்லை. ஒரு நாட்டிலிருந்து 5 பேர்தான் போக முடியும். இந்திய அணியில் இடம்பிடிக்க முதலில் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியத் தேர்வில் தேற வேண்டும். பிறகு மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் இந்திய தேசிய ஒலிம்பியாட். அதிலும் தேறிய சுமார் 35 பேரை முகாமுக்கு அழைத்து, அவர்களிலிருந்து ஐவரைப் பொறுக்குவார்கள். சர்வதேசப் போட்டியில் கணக்குகளுக்கு 5 மணி நேரம், இன்னொரு நாள் ஆய்வுக்கூடச் சோதனைக்கு 5 மணி நேரம். எல்லா நாடுகளும் இப்படிச் சலித்தெடுத்த பிள்ளைகளோடுதான் நம் பெண் மோதியிருக்கிறாள்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது. பள்ளிகள் வழியாகத் தனியார் அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்கும் ஒலிம்பியாட் என்றுதான் பெயர். அவற்றில் வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்கும் பதக்கம் உண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தை பதக்கத்தோடு வந்தால் அது இந்த வகையாகத்தான் இருக்கும். அதையும் தாராளமாக வாழ்த்தலாம், தேர்வின் பெயரை அப்படியே போட்டு. சந்தேகம் வந்தால், 'இந்திய அணியில் போனாளா?' என்று பெற்றோரிடம் கேட்டாலே போதும். படம் போடலாமா, பள்ளியின் பெயர் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பிறகு வாசகம் எளிது: 'சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடில் இந்திய அணியில் பங்கேற்று வெள்ளிப் பதக்கம் வென்ற நம் நகர் மாணவிக்கு நலச்சங்கத்தின் மனமார்ந்த வாழ்த்துகள்.' நடந்த ஆண்டையும் ஊரையும் சேர்த்தால் வாழ்த்து முழுமையாகும்.

தனக்கு மேலே எத்தனை பேர் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். நாம் கூட்டிச் சொன்னால், அந்த பிளெக்ஸைக் கடந்து தினமும் போக வேண்டியவள் அவள்தான்.