அடி விழும் கணத்தில் ஒரு நிறுத்தம்

வாள் சண்டை கேம் ஒன்றை முதன்முதலாக உருவாக்குகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து திகைக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் வாள் சுழல்கிறது, எதிரியின் உயிர்க்கோடு குறைகிறது, சத்தமும் கேட்கிறது. ஆனாலும் காற்றை வெட்டியதுபோல இருக்கிறது. நிஜத்தில் கோடாலி மரத்தில் இறங்கினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், அந்த எதிர்ப்பு கைக்குத் தெரியும். கேமில் வாளை எதிர்க்க எதுவுமில்லை. இல்லாத எதிர்ப்பைக் கண்ணுக்குக் காட்டுகிற உத்திதான் ஹிட் ஸ்டாப். அடி பட்ட கணத்தில் அடித்தவரும் பட்டவரும் மிகச் சிறிது நேரம் உறைந்து நிற்பார்கள். பிறகு ஆட்டம் தொடரும்.

அந்தச் சிறிது நேரம் எவ்வளவு? விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 17 மில்லிவிநாடி. லேசான வெட்டுக்கு 3 முதல் 5 ஃபிரேம், பலத்த அடிக்கு 8 முதல் 12 ஃபிரேம் என்று வைத்துத் தொடங்கலாம். விளையாடுபவர் ஒரு நிறுத்தம் இருந்ததாகவே உணரமாட்டார். அடி கனமாக இருந்தது என்றுதான் உணர்வார்.

எத்தனை ஃபிரேம் என்பதைவிட, எந்தப் படத்தில் நிறுத்துகிறோம் என்பது முக்கியம் என்பேன். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இங்கேதான். வாள் எதிரியைத் தொட்டதும் கேமை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த ஃபிரேமில் எதிரி இன்னும் சும்மா நின்றுகொண்டிருக்கிறான், அடிபட்ட முகபாவம் அடுத்த ஃபிரேமில்தான் வரும். ஆகவே உறைந்து நிற்பது அடியின் படம் அல்ல, அடிக்கு முந்தைய படம். பார்ப்பவருக்குக் கம்ப்யூட்டர் திணறியது போலத் தோன்றும்.

சரியான வரிசை இப்படி: மோதல் பதிவானதும் எதிரியை உடனே அடிபட்ட நிலைக்கு மாற்ற வேண்டும், தலை பின்னால் சாய்ந்து, உடம்பு வளைந்து. வாளும் தொட்ட இடத்தைச் சற்றே தாண்டியிருக்கட்டும். அதன்பிறகுதான் நிறுத்த வேண்டும். நிறுத்தம் நீடிக்கும்வரை எதிரியை மட்டும் இடமும் வலமுமாகச் சில பிக்சல் நடுங்கவிட்டால் உறைவுக்கு உயிர் வந்துவிடும். மசாஹிரோ சகுராய் உருவாக்கிய சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் அடி வாங்கியவர் இப்படி நடுங்குவதைப் பார்க்கலாம். எதிரி பின்னால் தூக்கியெறியப்படுவது நிறுத்தம் முடிந்த பிறகுதான். அடக்கி வைத்த வேகம் அப்போது ஒரேயடியாக விடுபடும்.

பொறிகள் சிதறுவதற்கும் இதே நேரக்கணக்கு உண்டு. பார்ட்டிக்கிள் என்று சொல்லப்படும் இந்தத் துகள்கள் எதிரியின் உடம்பின் நடுவிலிருந்து அல்ல, வாள் தொட்ட புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். எல்லாத் திசையிலும் வட்டமாகத் தெறித்தால் வெடிபோலத் தெரியும். வாள் போகும் திசையிலேயே குறுகலாகத் தெறித்தால்தான் வெட்டு தெரியும். தொடக்கத்தில் மிக வேகமாகப் பாய்ந்து, உடனே வேகம் குறைந்து, கால் விநாடிக்குள் மறைந்துவிடட்டும். நிறுத்தத்தின்போது இவையும் உறையக் கூடாது. ஆட்கள் நிற்க, பொறி மட்டும் பறக்கும்போதுதான் அந்தக் கணத்தின் சக்தி தெரிகிறது.

கோடோ என்ஜினில் வேலை செய்கிறவர்கள் நிறுத்தத்துக்கு `Engine.time_scale` என்பதைப் பூஜ்யமாக்குவது வழக்கம். எளிய வழிதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மறுபடி ஓடவைக்க வைத்திருக்கும் டைமரும் அதே காலக்கணக்கில் ஓடினால் அதுவும் நின்றுவிடும். கேம் உறைந்தபடியே கிடக்கும். டைமர் உருவாக்கும்போது, காலக்கணக்கைப் பொருட்படுத்தாதே என்ற தெரிவை இயக்க வேண்டும்:

```gdscript
Engine.time_scale = 0.0
await get_tree().create_timer(0.08, true, false, true).timeout
Engine.time_scale = 1.0
```

கடைசி `true`தான் அந்தத் தெரிவு. ஆனால் இந்த வழியில் பொறிகள் உட்பட எல்லாமே நின்றுவிடும். பொறி பறக்க வேண்டுமானால் உலகம் முழுவதையும் நிறுத்தாமல், அடித்தவர், பட்டவர் இருவரின் அனிமேஷனையும் நகர்வையும் மட்டும் நிறுத்தும்படி எழுத வேண்டும். வேலை கூடுதல்தான், இருந்தாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். பலர் சேர்ந்து விளையாடும் கேமில், யாரோ இருவர் மோதியதற்காக மற்றவர்கள் எல்லாரும் நிற்க முடியாது.

ஒரே வீச்சில் ஐந்து எதிரிகள் அகப்பட்டால் ஐந்து நிறுத்தங்களையும் கூட்டக் கூடாது. அவற்றில் மிக நீண்டதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நிறுத்தத்தின் நடுவே அழுத்தப்பட்ட பட்டனையும் நினைவில் வைத்து, ஆட்டம் தொடர்ந்ததும் செயல்படுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால், அடுத்த அடி சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்று விளையாடுகிறவர்கள் புகார் சொல்வார்கள். காரணம் நிறுத்தம் என்று யாருக்கும் தோன்றாது.

எதிரி ஓரிரு ஃபிரேம் முழு வெள்ளையாக மின்னுவதும் திரை லேசாகக் குலுங்குவதும் இதோடு சேரும். இவற்றில் அளவு தேவை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பெரும்பரப்பில் மின்னும் ஒளி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. திரைக் குலுக்கல் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். ஆகவே மின்னல், குலுக்கல் இரண்டையும் தனித்தனியாக அணைக்கும் வசதி செட்டிங்ஸில் இருந்தே ஆக வேண்டும். அவற்றை அணைத்துவிட்டு ஒருமுறை விளையாடிப் பார்த்தால், நிறுத்தமும் அடிபட்ட நிலையும் தம் வேலையைச் செய்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.