ரெஸ்யூமேயில் நான்கு ஒன்பதுகள்

கிளவுட், டெவ்ஆப்ஸ் வேலைகளுக்கு வரும் ரெஸ்யூமேக்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: "99.99 சதவீத அப்டைம் பராமரித்தேன்." தளம் எவ்வளவு நேரம் தடையில்லாமல் இயங்கியது என்பதன் கணக்கு இது. எழுதியவர்களில் பலர் அதை நிமிடத்தில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். 99.9 என்றால் அதில் 43 நிமிடம் தளம் படுத்துக்கிடக்கலாம். 99.99 என்றால் மாதம் முழுக்கச் சேர்த்தே நாலரை நிமிடம்கூடக் கிடையாது.

ஒரு ரெஸ்யூமேயை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். விளம்பரம் கொடுத்திருப்பது ஆன்லைனில் பணம் செலுத்தும் சேவையை நடத்தும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் அனுபவம் வேண்டும், குபர்நெட்டீஸ் தெரிந்திருக்க வேண்டும், பைப்லைனைச் சொந்தமாகக் கட்டியிருக்க வேண்டும், 99.95 சதவீத அப்டைமுக்குப் பொறுப்பேற்று முறைவைத்து ஆன்-கால் பார்க்க வேண்டும். இதற்கு விண்ணப்பித்தவரின் ரெஸ்யூமேயில் மூன்று வரிகள்:

"சிகேஏ சான்றிதழ், 2021."

"ஜென்கின்ஸில் பைப்லைன் அமைத்து, மாதம் இருமுறை சனிக்கிழமை இரவு நடக்கும் வெளியீட்டை 3 மணி நேரத்திலிருந்து 20 நிமிடமாகக் குறைத்தேன்."

"99.99 சதவீத அப்டைம் பராமரித்தேன்."

விளம்பரத்தில் இருக்கும் சொற்களெல்லாம் இங்கேயும் இருக்கின்றன. சொற்களை மட்டும் ஒப்பிட்டால் ஆள் தேறிவிடுவார். நான் விளம்பரத்தோடு ஒப்பிடும் முன், இந்த வரிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் சேர்த்துப் படியுங்கள். சனி இரவு பார்த்து வெளியிடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் அந்த நேரத்தில் தளத்தை மூடிவைக்கிறார்கள் என்று பொருள். இரண்டு முறை, இருபது இருபது நிமிடம், ஆக மாதத்துக்கு 40 நிமிடம். வேறு எந்தக் கோளாறும் வராவிட்டாலும் இது 99.9ஐத்தான் மயிரிழையில் தொடும். 99.99க்கு இடமே இல்லை. திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பல ஒப்பந்தங்களில் உள்ள வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் நடுராத்திரியிலும் பணம் அனுப்பும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனம் அப்படிக் கழிக்குமா? விளம்பரம் கேட்கும் 99.95இன்படி மாதத்துக்கு 21 நிமிடம்தான் கிடைக்கும். அங்கே ஒரே ஒரு சனி இரவு வெளியீடு அதில் 20 நிமிடத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறது. எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, விபிஎன்னில் நுழைந்து, எந்தச் சேவை விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே பத்து நிமிடம் ஓடிவிடும். அதனால் நான்கு ஒன்பதுகளை மனிதர் விழித்திருந்து காப்பாற்ற முடியாது. புதிய பதிப்பை முதலில் சிறு பங்கு பயனர்களுக்கு மட்டும் திறந்துவிட்டு, பிழை விகிதம் ஏறினால் பைப்லைனே பழைய பதிப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு தரவு மையம் போனால் இன்னொன்று தானாகச் சுமையை எடுத்திருக்க வேண்டும். அப்டைம் வரி உண்மை என்றால் அதன் தடயம் பைப்லைன் வரியில் இருக்கும். இந்த ரெஸ்யூமேயில் அந்தத் தடயம் இல்லை. வேகம் கூடியது மட்டும்தான் இருக்கிறது. எல்லாமே ஒரே ஒரு ஈசி2 சர்வரில் ஓடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தனி சர்வருக்கு அமேசானே தன் ஒப்பந்தத்தில் தரும் வாக்குறுதி 99.5 சதவீதம்தான், அதாவது மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் போகலாம்.

சான்றிதழுக்கு வருவோம். சிகேஏ தேர்வை நான் மதிக்கிறேன். கொள்குறி வினாக்களுக்கு விடை தேர்ந்தெடுக்கும் தேர்வல்ல அது. இரண்டு மணி நேரம் உண்மையான குபர்நெட்டீஸ் அமைப்பில் கட்டளைகளைத் தட்டி வேலையை முடித்துக்காட்ட வேண்டும். ஆனால் 2021இல் வாங்கிய சிகேஏ மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், 2024இல் காலாவதியாகிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் தேறுபவர்களுக்கு அதுவும் இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. சான்றிதழ் காலாவதியாவது குற்றமல்ல. தினமும் அதே வேலையைச் செய்பவர் புதுப்பிக்க மறந்திருக்கலாம். என்னை நிறுத்துவது வேறு: ரெஸ்யூமேயின் வேலை அனுபவப் பகுதியில் குபர்நெட்டீஸ் என்ற சொல்லே இல்லை. சான்றிதழில் உள்ளது கைவேலையில் இல்லை என்றால், படித்தார், தேறினார், பயன்படுத்தவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விளம்பரம் கேட்பதோ அன்றாடம் அதிலேயே உழல்பவரை.

ஜென்கின்ஸ் என்பதற்காக மட்டும் இவரை ஒதுக்குவது சரியல்ல. விளம்பரத்தில் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்று இருந்தாலும், ஒன்று தெரிந்தவர் மற்றதைச் சில வாரங்களில் பழகிவிடுவார். கருவியின் பெயர் பொருந்தவில்லை என்று நல்ல ஆட்களைக் கழித்துக்கட்டுவது இந்தத் துறையில் அன்றாடம் நடக்கும் அநியாயம்.

கடைசியாக, "பராமரித்தேன்" என்ற வினை. நம் ஊர் ஐடி சேவை நிறுவனங்களில் எல்1 ஷிஃப்டில் இருப்பவர் திரையைக் கண்காணிப்பார், சிவப்பு தெரிந்தால் டிக்கெட் போட்டு எல்2க்கு அனுப்புவார். அது தூக்கத்தைக் கெடுக்கும் கடினமான வேலை. ஆனால் விளம்பரம் கேட்கும் பொறுப்பு அதுவல்ல. பிரச்சினையைத் தீர்த்தவர் யார், அடுத்த முறை வராதபடி எதை மாற்றினார், இந்த வாரம் வெளியீடு வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்பதுதான் அந்தப் பொறுப்பின் அளவு.

இதையெல்லாம் காகிதத்தில் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஆகவே இவரை நான் தொலைபேசியில் அழைப்பேன். ஒரே ஒரு கோளாறை எடுத்துச் சொல்லச் சொல்வேன்: எப்போது தெரிந்தது, வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்ததா, அலாரம் சொன்னதா, முதலில் எந்தக் கட்டளையைத் தட்டினீர்கள்? பலர் சொல்லும் விடை இதுதான்:

```
kubectl rollout undo deployment/payments
```

இது முந்தைய பதிப்புக்குத் திருப்பும் கட்டளை. அடுத்த கேள்வி, அந்த வெளியீட்டில் டேட்டாபேஸ் அட்டவணையின் அமைப்பும் மாறியிருந்தால் என்ன ஆகும்? செயலி திரும்பும், டேட்டாபேஸ் திரும்பாது. பழைய செயலி புதிய அட்டவணையைப் பார்த்துத் திணறும். ஒரு முறை இதில் மாட்டிக்கொண்டவர் உடனே பேச ஆரம்பித்துவிடுவார். புதிய நெடுவரிசையைத் தனி வெளியீடாக முதலில் சேர்த்துவிட்டு, பழையதைப் பிறகுதான் நீக்குவோம் என்று கேட்காமலே சொல்வார். படித்துமட்டும் வந்தவர் கட்டளையோடு நின்றுவிடுவார்.

இவரே அந்த மூன்றாவது வரியை இப்படி எழுதியிருந்தால்: "பில்லிங் சேவை. வெளியீட்டு நேரத்தையும் சேர்த்து, வெளியிலிருந்து அளந்த அப்டைம் 99.9. மூவர் அணியில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆன்-கால். டேட்டாபேஸ் மாற்றத்தால் வந்த கோளாறுக்குப் பிறகு வெளியீட்டை இரண்டு கட்டமாகப் பிரித்தேன்." விளம்பரம் கேட்ட 99.95 அதில் இல்லை. ஆனாலும் நேர்முகத்துக்கு முதல் ஆளாக இவரைத்தான் கூப்பிடுவேன். எங்கே எத்தனை நிமிடம் போனது என்று அறிந்தவருக்குத்தான், அதில் பாதியை எப்படிக் குறைப்பது என்றும் தெரிந்திருக்கும்.