பாப்பா தவறவிட்ட 20 நிமிடம்

எங்கள் யூ.கே.ஜி. வகுப்புக்கு மணி 8.50-க்கு அடிக்கும். ஆனால் 8.30-லிருந்தே பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். தன் படம் ஒட்டிய கொக்கியில் பையை மாட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஜன்னலோர வரிசையில் நிறுத்திவிட்டு, டைரியை எடுத்து மேசை மேலிருக்கும் தட்டில் போட வேண்டும். இவ்வளவையும் அவர்களே செய்வார்கள். ஆயா பக்கத்தில் நிற்பார், கை வைக்க மாட்டார். பிறகு மணி அடிக்கும்வரை பாயில் மரக்கட்டை விளையாட்டு. மணி அடித்ததும் பிரார்த்தனை, ஒரு பாட்டு. அப்புறம் வட்டமாக உட்கார்ந்து தேதி அட்டையை மாற்றுவோம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, இன்று வெயிலா மேகமா என்று படம் மாட்டுவோம். யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று எண்ணுவோம். நோட்டைத் திறக்க 9.10 ஆகிவிடும்.

ஒரு பெண் குழந்தை சரியாக அந்த 9.10-க்குத்தான் வருவாள். பெரியவர்கள் கணக்கில் அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. "எழுத்து வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்துடுறாளே மிஸ்" என்று அவள் அப்பாவே ஒரு நாள் கேட்டார். பாடம் எதுவும் போகவில்லை என்பது உண்மைதான்.

போனது வேறு. இந்த வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்ற வரிசையை வைத்துத்தான் அது பொழுதைப் புரிந்துகொள்கிறது. பை மாட்டினால் கட்டை, கட்டைக்குப் பின் பாட்டு, பாட்டுக்குப் பின் தேதி. அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளை அம்மாவின் கையை எளிதில் விடும். வரிசையின் நடுவில் வந்து நுழைகிற பிள்ளைக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. பாப்பா கதவைத் திறந்ததும் முப்பது தலைகள் திரும்பும். தோளில் பையோடு அப்படியே நிற்பாள். ஆயா அவசரமாக ஷூவைக் கழற்றுவார், பையை வாங்கி மாட்டுவார், டைரியையும் எடுத்துக் கொடுப்பார். மற்ற பிள்ளைகள் தானாகச் செய்யும் நாலு வேலையும் அவளுக்கு இன்னொருவர் கையால் நடந்துவிடும். கட்டை விளையாட்டில் அன்றைக்கு யார் யாரோடு கூட்டு என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்தக் கூட்டு சாப்பாட்டு நேரம் வரை நீளும். பாப்பா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து உட்காருவாள்.

இதற்குக் காரணம் தாமதம்தானா, வேறு ஏதாவதா என்று சும்மா ஊகிக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டோடு என் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தேன். 12 நாளில் 8 நாள் தாமதம். நேரத்தோடு வந்த 4 நாளும் அவளே பை மாட்டினாள், பக்கத்துப் பையனோடு சண்டை போட்டாள், டிபனை அவனோடு சேர்ந்து சாப்பிட்டாள். சீக்கிரம் வந்த நாளிலும் அழுது ஒதுங்கியிருந்தால் விஷயம் வேறு: உடம்பு சரியில்லையா, பள்ளியில் எதற்காவது பயமா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் தாமதத்தைப் பற்றிப் பேசுவதே தப்பு.

இனி பெற்றோருக்கு எழுத வேண்டும். வழக்கமான வரி எல்லாருக்கும் தெரியும்: 'தங்கள் குழந்தை தொடர்ந்து தாமதமாக வருகிறது, இனி அனுமதிக்கப்பட மாட்டாது.' சிவப்பு மை, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. சில இடங்களில் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் பிள்ளையை வாசலில் நிறுத்துகிறார்கள். ஸ்கூட்டர் ஓட்டுவது ஐந்து வயதுக் குழந்தையா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், மிரட்டும் கடிதத்துக்குப் பெற்றோர் தருகிற பதில் ஒரு மன்னிப்பும் ஒரு சாக்கும்தான். காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

டைரியில் எழுதாமல் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு, அம்மாவின் கையில் கொடுத்தேன்:

'வணக்கம். பாப்பா தேதி அட்டை மாற்றுவதில் கெட்டிக்காரி. போன வியாழக்கிழமை "நேத்து புதன், அப்போ இன்னைக்கு வியாழன்" என்று அவளே சொல்லி மாட்டினாள். அவள் 9.10-க்கு வரும் நாட்களில் இந்த வேலை முடிந்துவிடுகிறது. பை மாட்டுவது, நண்பர்களோடு கட்டை அடுக்குவது, பாட்டு எல்லாமே அதற்கு முன்னால் முடிந்துவிடுகின்றன. அந்த நாட்களில் மதியம் வரை சற்று ஒதுங்கியே இருக்கிறாள். 8.40-க்கு வந்தால் எல்லாம் கிடைக்கும். காலையில் எந்த இடத்தில் நேரம் இழுக்கிறது என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கம் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் மாற்றுகிறோம்.'

இதில் எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கை வேண்டுமென்றே எழுதவில்லை. கணக்கைப் பார்த்ததும் குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். கேள்வியை 'ஏன் தாமதம்?' என்று கேட்கவில்லை, 'எந்த இடத்தில்?' என்றுதான் கேட்டேன். 'ஏன்' என்றால் சமாதானம் வரும். 'எந்த இடத்தில்' என்று கேட்டதால் இடமே பதிலாக வந்தது.

ரயில்வே கேட். மறுநாள் அதே தாளின் பின்பக்கத்தில் அம்மா எழுதியிருந்தார். அண்ணனுக்கு 8.45-க்குப் பள்ளி, அது கேட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டுப் பக்கத்திலேயே. அப்பா அவனை விட்டுவிட்டுப் பாப்பாவோடு கேட்டுக்கு வருவதற்குள் பாசஞ்சர் ரயிலுக்காக அடைத்துவிடுவார்கள். இதில் யாருடைய சோம்பலும் இல்லை.

பாப்பாவை முதலில் விட்டால்? 8.20-க்கு எங்கள் வாசல், கேட் அடைப்பதற்குள் திரும்பினால் அண்ணனுக்கும் மணிக்கு முன் பள்ளி. 8.15-க்கு வகுப்பைத் திறந்து வைக்க ஆயா ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டிலிருந்து 20 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். அந்த 20 நிமிடத்தைக் காலையில் தேடினால் கிடைக்காது, முந்தின இரவில்தான் எடுக்க வேண்டும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பாப்பா தூங்கப் போனது இரவு 10.30-க்கு, சீரியல் முடிந்த பிறகு. படுக்கையை 9.15-க்குக் கொண்டுவர அந்த வீட்டுக்கு மூன்று வாரம் பிடித்தது. பையும் சீருடையும் இரவே தயாராயின. எந்த ரிப்பன் என்ற தகராறும் இரவுக்கே போய்விட்டதாக அம்மா சொன்னார்.

(அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தாமதத்தின் நஷ்டம் இன்னும் கண்கூடானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் வகுப்புக்கு முன்பே உப்புமாவோ பொங்கலோ பரிமாறி முடித்துவிடுவார்கள். அங்கே எழுதுகிற கடிதம் முதலில் தட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.)

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமைகளில் அப்பாவுக்கு வேறு ஷிப்ட், அம்மா ஷேர் ஆட்டோவில் கூட்டி வர வேண்டும். அந்த நாட்களுக்கு வகுப்பிலேயே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். தாமதமாக வந்தாலும் ஆயா பையை வாங்க மாட்டார். நாலு வேலையையும் பாப்பாவே செய்வாள், இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை நான் எழுத்து வேலைக்கு அவளைக் கூப்பிட மாட்டேன். அவளுக்கென்று பக்கத்துப் பையன் பாயில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பான்.

திங்கள் காலை என் போனுக்கு அம்மாவிடமிருந்து ஒரே வார்த்தையில் செய்தி வரும்: 'கேட்'. அன்றைக்குத் தேதி அட்டையை மாற்றிவிட்டு, வெயில் மேகப் படத்தை மட்டும் மாட்டாமல் மேசையில் வைத்துவிடுவேன். வந்ததும் ஜன்னலுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்துவிட்டு அவள் மாட்டட்டும்.