பிறந்த தேதி ஏன் ஒரு நாள் குறைகிறது?

ஜூன் 12 என்று படிவத்தில் தேர்ந்தெடுத்துச் சேமித்த பிறந்த தேதி, மறுபடி திறந்து பார்க்கும்போது ஜூன் 11 என்று இருக்கிறது. அடையாளச் சான்றோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தால், சரியாகப் பூர்த்தி செய்தவர் மேல்தான் பழி விழும். தவறு அவருடையது அல்ல. தேதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் வழியில் நடப்பது.

ஜாவாஸ்கிரிப்டில் நேரமில்லாத வெறும் தேதிக்கென்று வெகுகாலம் தனி வகையே கிடையாது. இருந்த `Date` எப்போதும் ஒரு கணத்தைத்தான் குறிக்கும். எனவே பல நாள்காட்டிக் கட்டங்கள், நாம் தொட்ட தேதியை அந்த ஊரின் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்கின்றன. சர்வருக்கு அனுப்பும்போது அது உலகப் பொது நேரத்துக்கு மாறுகிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 6.30.

```
const d = new Date(1998, 5, 12); // 5 = ஜூன்
d.toISOString();
// "1998-06-11T18:30:00.000Z"
```

சர்வர் இதில் முதல் பத்து எழுத்துகளை மட்டும் எடுத்து வைத்தால், ஒரு நாள் போயே போய்விட்டது. தரவுத்தளத்தில் வரிசையாக 18:30 என்று கண்ணில் பட்டால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அது இந்திய நள்ளிரவு.

நியூயார்க்கில் இதே நிரலைச் சோதிப்பவருக்கு எதுவும் தெரியாது. அவருடைய நள்ளிரவு, பொது நேரத்தில் அதே நாளின் அதிகாலை 4 அல்லது 5 மணி. அவருக்குப் பிரச்சினை எதிர்த்திசையில், தேதியைக் காட்டும்போது வரும். `new Date("1998-06-12")` என்று எழுதினால் பிரவுசர் அதைப் பொது நேர நள்ளிரவாகக் கொள்ளும். சென்னையில் அது 12ஆம் தேதி காலை 5.30, நியூயார்க்கில் 11ஆம் தேதி இரவு 8 மணி. ஆக, சேமிக்கும்போது வரும் பிழை நமக்குத் தெரியும், காட்டும்போது வரும் பிழை அவர்களுக்குத் தெரியும். அவரவர் மேசையில் பாதிதான் அகப்படும். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நேர மண்டலத்தை மாற்றிச் சோதிப்பது அதனால்தான் அவசியம்.

அவசரத்தில் பலர் ஒரு நாளைக் கூட்டிவிடுகிறார்கள். இது மிக மோசமான வைத்தியம். அடுத்து நியூயார்க்கிலிருந்து வரும் சரியான தேதியும் கெடும். பிறந்த தேதிக்கு நேர மண்டலம் தேவையே இல்லை. `1998-06-12` என்ற எழுத்துச்சரமாகவே அனுப்பி, தரவுத்தளத்தில் `DATE` பத்தியில் வைத்து, திரும்பவும் எழுத்துச்சரமாகவே எடுக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் `Temporal.PlainDate` இதற்கென்றே அமைந்த வகை.

ஏற்கெனவே கெட்ட பதிவுகள்தான் தலைவலி. 18:30 என்ற நேரம் அழியாமல் இருந்தால், ஐந்தரை மணி நேரம் கூட்டி மீட்டுவிடலாம். தேதி மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்தப் பதிவு எந்த ஊர் பிரவுசரிலிருந்து வந்தது என்பதற்குத் தடயம் இல்லை. மூலச் சான்றிதழை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.