திரையில் தெரியும் கடன் பாக்கி

சங்கத்தின் இணையதளத்தைப் பேரவைக் கூட்டத்தில் தொடங்கிவைத்ததும் கைதட்டல் கேட்கும். கேள்விகள் அப்போது வருவதில்லை. உறுப்பினர் வீட்டுக்குப் போய்த் தன் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் வரும். அவற்றுக்கு மேடையிலேயே பதில் சொல்லிவிடுவதுதான் செயலாளரின் தொடக்க உரைக்குரிய வேலை.

சம்பளத்தில் தவணை பிடிக்கும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் உறுப்பினருக்குக் கடன் பாக்கி 2,40,000 ரூபாய், ஆண்டு வட்டி 10 சதவீதம். மாத வட்டி 2,000 ரூபாய். ஜூன் 30 அன்று சம்பளத்தில் 7,000 ரூபாய் பிடித்தால், வட்டி போக 5,000 அசலில் கழியும். பாக்கி 2,35,000 ஆக வேண்டும். ஆனால் ஜூலை 1 அன்று தளத்தில் பார்த்தால் அதே 2,40,000 நிற்கிறது. "பிடித்த பணம் எங்கே போனது?" என்று பதறிப்போய்த் தொலைபேசியை எடுப்பார்.

பணம் எங்கும் போய்விடவில்லை. அலுவலகம் பிடித்தப் பட்டியலையும் தொகையையும் அனுப்பி, சங்கம் அதைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். ஆகவே செயலாளர் இப்படிச் சொல்லலாம்: "உங்கள் பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி வரை வந்த பணம்தான் கணக்கில் இருக்கிறது. தேதி நகர்ந்த பிறகும் பாக்கி குறையவில்லை என்றால், சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்." தாமதம் எது, தவறு எது என்பதை உறுப்பினரே பிரித்தறிய இந்த விளக்கம் போதும்.

இன்னொரு சிக்கல் தொடக்க இருப்பு. பழைய பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது இலக்கம் இடம் மாறலாம். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இருவரின் கணக்கு கலந்துவிடலாம். எனவே மார்ச் 31 நிலவரப்படி பங்குத்தொகை, சிக்கன வைப்பு, கடன் பாக்கி ஆகிய மூன்றையும் பாஸ்புக்கோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். குறைகளை எழுதித் தர ஒரு கடைசி நாளையும் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். அது முடியும்வரை பாஸ்புக்கையும் ரசீதுகளையும் யாரும் தூக்கி எறியக் கூடாது.

நுழைவதற்கான ஓ.டி.பி. எண், சங்கத்தின் பதிவேட்டில் உள்ள கைப்பேசிக்கே வரும். பலர் எண்ணை மாற்றியிருப்பார்கள். வாசலில் வருகைக் கையெழுத்து வாங்கும்போதே புது எண்ணையும் எழுதி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஓ.டி.பி.யைச் சங்க ஊழியரே கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் செயலாளர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

திரையில் செய்து காட்டும்போது உண்மையான உறுப்பினர் ஒருவரின் கணக்கைத் திறக்கக் கூடாது. அவர் கடன் ஊருக்கே தெரிந்துவிடும். மேலே சொன்ன 2,40,000 போல ஒரு மாதிரிக் கணக்கை வைத்து, ஜூன் பாக்கி ஜூலையில் எப்படிக் குறைகிறது என்று காட்டினால் போதும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தன் கணக்கைப் படிக்கத் தெரிந்துவிடும்.